வீட்டில் ஆக்ஸிஜன்: விளக்கு ஏற்ற இரண்டு நிமிடம் நிறுத்தினால் போதுமா?

வெள்ளிக்கிழமை மாலை. தோ பாயோவில் ஒரு நாலறை வீவக வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவமனையிலிருந்து போன வாரம்தான் வீடு திரும்பியிருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் 'ம்ம்ம்' என்று ஓடுகிறது. அதிலிருந்து வரும் மெல்லிய டியூப் அவர் காதுகளைச் சுற்றி வந்து மூக்கில் முடிகிறது. சாமி படங்கள் இருப்பதும் அதே அறையில்தான்.

பாட்டி தீப்பெட்டியோடு வருகிறார். "டாக்டர் நெருப்பு கிட்ட வரக்கூடாதுன்னு சொன்னாரு. ரெண்டு நிமிஷம் மெஷின நிறுத்திட்டு விளக்கேத்திடலாம்ல?" என்று பேத்தியிடம் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். அடுப்பை அணைத்தால் நெருப்பு போய்விடுகிறது. மெஷினை நிறுத்தினால் ஆக்ஸிஜனும் போய்விட வேண்டும், இல்லையா?

போகாது. மெஷினை நிறுத்திய பிறகும் ஆக்ஸிஜன் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். எங்கே இருக்கும், ஏன் இருக்கும் என்பது புரிந்தால், வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்பதும் தானாகப் புரியும்.

ஆக்ஸிஜன் எரியுமா?

எரியாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். உயிர்வாயு என்று நாம் சொல்லும் ஆக்ஸிஜன், சமையல் எரிவாயு மாதிரி எரிபொருள் இல்லை. அது தானாகத் தீப்பிடிக்காது.

உயர்நிலைப்பள்ளி வேதியியல் ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு மரக்குச்சியைப் பற்றவைத்து, ஊதி அணைப்போம். நுனியில் சிவப்புக் கனல் மட்டும் மிச்சம் இருக்கும். அதைச் சோதனைக்குழாய்க்குள் விட்டதும் குச்சி திரும்பவும் 'குப்'பென்று எரியும். "உள்ளே இருப்பது ஆக்ஸிஜன்" என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவோம்.

அந்தச் சோதனையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. குச்சி அதே குச்சி. கனலும் அதே கனல். சாதாரணக் காற்றில் விட்டால் மெல்ல அணைந்துபோயிருக்கும். சுற்றியிருந்த வாயு மாறியதால் அது தீயாகிவிட்டது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு ஆக்ஸிஜன், 78 விழுக்காடு நைட்ரஜன். நைட்ரஜன் எரிய உதவுவதில்லை. ஆனால் தீயிலிருந்து வரும் வெப்பத்தில் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. கிட்டத்தட்ட தீக்கு ஒரு பிரேக் மாதிரி. ஆக்ஸிஜன் கூடும்போது அந்த இடத்தில் நைட்ரஜன் குறைகிறது. எரிவதற்கு வேண்டியது அதிகமாகக் கிடைக்கிறது, பிரேக்கும் தளர்ந்துவிடுகிறது.

அதனால் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. பற்றிக்கொள்ளச் சின்னப் பொறியே போதும். பற்றிய தீ வேகமாகப் பரவும். அதன் சூடும் அதிகமாக இருக்கும்.

எவ்வளவு கூடினால் ஆபத்து?

பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார அமைப்பு சொல்லும் எண் 24 விழுக்காடு. 21 எங்கே, 24 எங்கே? வெறும் 3 விழுக்காட்டுப் புள்ளிதான் வித்தியாசம். ஆனால் அந்த அளவிலேயே தீப்பிடிப்பது எளிதாகிவிடுகிறது, பிடித்த தீயை அணைப்பது மிகவும் கடினமாகிவிடுகிறது என்று அந்த அமைப்பு எச்சரிக்கிறது.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒவ்வொரு பொருளும் தொடர்ந்து எரிய, சுற்றிலும் குறைந்தது இவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்று ஒரு எல்லை உண்டு. பருத்தித் துணிக்கு அது சுமார் 18 விழுக்காடு. காற்றில் இருப்பதோ 21. அதனால்தான் வேட்டி நுனியில் நெருப்புப் பட்டால் எரிகிறது. கம்பளித் துணிக்கு அந்த எல்லை சுமார் 25. அதனால் சாதாரணக் காற்றில் கம்பளி எளிதில் எரிவதில்லை. நெருப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானாக அணைந்துவிடும்.

இப்போது அந்தக் கம்பளிப் போர்வையின் மடிப்புக்குள் ஆக்ஸிஜன் 30 விழுக்காடாக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை 'எரியாத' போர்வை இன்று எரியும் போர்வை. துணி மாறவில்லை, அதன் கணக்கு மாறிவிட்டது. "இது எளிதில் தீப்பிடிக்காத துணி" என்று லேபிளில் எழுதியிருந்தாலும், அது சாதாரணக் காற்றை வைத்துச் சொன்னதுதான்.

இதன் மிகப் பெரிய பாடம் வீட்டில் கிடைத்ததல்ல, விண்வெளித் திட்டத்தில் கிடைத்தது. 1967 ஜனவரி 27ஆம் தேதி, அமெரிக்காவின் அப்போலோ 1 விண்கலத்தைத் தரையிலேயே வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கலத்துக்குள் முழுக்க முழுக்க ஆக்ஸிஜன் நிரப்பப்பட்டிருந்தது. மின்கம்பிகள் இருந்த பகுதியில் தொடங்கிய தீ, நைலான் வலை, வெல்க்ரோ பட்டை போன்ற சாதாரணப் பொருள்கள் வழியாகச் சில விநாடிகளில் கலம் முழுவதும் பரவியது. உள்ளே இருந்த 3 விண்வெளி வீரர்களும் உயிரிழந்தனர்.

தாத்தாவின் அறை விண்கலம் இல்லை. ஆனால் அவர் சட்டைக் காலருக்கு உள்ளே நடப்பது அதே வேதியியல்தான்.

மெஷினும் சிலிண்டரும் ஒன்றா?

வீட்டில் ஆக்ஸிஜன் தரும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு வகை.

முதலாவது கான்சன்ட்ரேட்டர், அதாவது செறிவூட்டி. மின்சாரத்தில் ஓடும். அறைக் காற்றை உள்ளே இழுத்து, சியோலைட் என்ற கனிம மணிகள் வழியாக அழுத்தி அனுப்பும். மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சுவதில் சுமார் 93 விழுக்காடு ஆக்ஸிஜன். பிடித்த நைட்ரஜனை மெஷின் திரும்ப அறைக்குள்ளேயே விட்டுவிடும். மெஷின் புதிதாக ஆக்ஸிஜனைத் தயாரிப்பதில்லை. அறையில் இருப்பதைப் பிரித்து ஒரே இடத்துக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். அதனால் அறையின் மொத்த ஆக்ஸிஜன் அளவு அதனால் கூடுவதில்லை.

இரண்டாவது சிலிண்டர். அதில் ஏறக்குறைய சுத்தமான ஆக்ஸிஜன் மிக அதிக அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து கொண்டு வந்தது என்பதால், அது வெளியேற வெளியேற அறையின் மொத்த அளவும் கூடும்.

எவ்வளவு கூடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறை 3 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம். மொத்தம் ஏறக்குறைய 27,000 லிட்டர் காற்று. சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் இரவு முழுக்க 10 மணி நேரம் வந்தால் 1,200 லிட்டர். அறை முற்றிலும் மூடியிருந்து, ஒரு சொட்டுக் காற்றுகூட வெளியே போகவில்லை என்றால், தாத்தா சுவாசித்துச் செலவழித்தது போக, காலையில் ஆக்ஸிஜன் 24 விழுக்காட்டை நெருங்கியிருக்கும்.

நிஜ வீட்டில் அப்படி நடப்பது அரிது. கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியாகக் காற்று வந்து போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் வீடுகளில் உள்ள ஏர்கான் பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. சன்னலையெல்லாம் அடைத்து, ஏர்கான் போட்டு, சிலிண்டரையும் ஓடவிட்டால், அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகிறோம். சன்னலைச் சிறிது திறந்து வைத்தாலே கணக்கு மாறிவிடும்.

அப்படியென்றால் கான்சன்ட்ரேட்டர் ஆபத்தில்லையா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஆபத்து இருக்கும் இடம் அறையின் சராசரி அல்ல. மெஷினைச் சுற்றியும் அல்ல. டியூப் முடியும் இடத்தில்தான்.

மூக்கில் வைத்திருக்கும் டியூபில் ஆக்ஸிஜன் பொதுவாக நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். தாத்தா மூச்சை இழுக்கும்போது அது உள்ளே போகிறது. மூச்சை விடும்போதும் டியூப் நிற்பதில்லை. அப்போது வரும் ஆக்ஸிஜன் மீசை, தாடி, கன்னம், சட்டைக் காலர், தலையணை என்று வழிகிறது. ஆக்ஸிஜன் காற்றைவிடச் சற்றே கனமானது. அசைவில்லாத இடத்தில் துணி மடிப்புகளிலும் பஞ்சிலும் முடியிலும் தங்கிவிடும்.

இதைவிட மோசமான ஒரு சூழல் உண்டு. தாத்தா கழிவறைக்குப் போகிறார். டியூபைக் கழற்றிக் கட்டிலில் போடுகிறார். மேலே போர்வை விழுகிறது. மெஷினை நிறுத்த மறந்துவிடுகிறார். திரும்பி வர 15 நிமிடம் ஆகிறது.

நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 15 நிமிடத்தில் 30 லிட்டர். அதில் பாதி வெளியே கசிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 15 லிட்டர், போர்வைக்கு அடியில் இருந்த 45 லிட்டர் காற்றோடு கலக்கிறது. கணக்குப் போட்டால் அந்த இடத்தில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட 39 விழுக்காடு!

அறையில் ஒரு கருவியை வைத்து அளந்தால் 21 என்றுதான் காட்டும். போர்வைக்கு அடியில் 39. இதில் இன்னொரு சிக்கல், இதை யாராலும் உணர முடியாது. சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கைத் துளைக்கும். வேண்டுமென்றே அதில் வாசனை சேர்த்திருக்கிறார்கள். ஆக்ஸிஜனுக்கு நிறமில்லை, வாசனையில்லை. போர்வையைத் தொட்டுப் பார்த்தாலும் தெரியாது.

அந்தப் போர்வையில் ஒரு பொறி விழுந்தால் முதலில் எரிவது துணியே அல்ல. துணியின் மேலிருக்கும் மெல்லிய நூல் ரோமங்கள். சாதாரணக் காற்றில் அவை கருகி அணைந்துவிடும். ஆக்ஸிஜன் அதிகமான இடத்தில், தீ அந்த ரோமங்களின் மேலேயே ஓடி, கண்மூடித் திறப்பதற்குள் போர்வையின் இன்னொரு பக்கம் போய்விடும். முகத்தில் இருக்கும் முடியிலும் இதுவே நடக்கலாம்.

அடுத்தது டியூப். பிளாஸ்டிக் டியூபின் நுனி பற்றிக்கொண்டால், உள்ளேயிருந்து ஆக்ஸிஜன் வந்துகொண்டே இருப்பதால், அது பட்டாசுத் திரி மாதிரி மெஷினை நோக்கி எரிந்துகொண்டே போகும். அதனால்தான் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் வீட்டு ஆக்ஸிஜன் டியூப்களில் 'ஃபயர்பிரேக்' என்ற சிறு பாகத்தைப் பொருத்துகிறார்கள். தீ அந்த இடத்தை எட்டியதும் அது ஆக்ஸிஜன் வரத்தை அடைத்துவிடும். உங்கள் வீட்டு டியூபில் அது இருக்கிறதா என்று கருவி தந்த நிறுவனத்திடம் கேளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: அது தீ பரவுவதைத் தடுக்கும், முதல் பொறியைத் தடுக்காது.

இரண்டு நிமிடம் ஏன் போதாது?

இப்போது பாட்டியின் கேள்விக்குத் திரும்பலாம்.

மெஷினை நிறுத்தினால் புதிதாக ஆக்ஸிஜன் வருவது நிற்கும். ஆனால் தாத்தாவின் சட்டையிலும் முடியிலும் தலையணையிலும் ஏற்கனவே புகுந்தது அங்கேயே இருக்கிறது. நூலிடுக்குகளில் இருக்கும் வாயு வெளியேறி, சாதாரணக் காற்று அந்த இடத்துக்கு வர நேரம் பிடிக்கும். அதனால்தான் ஆக்ஸிஜனை நிறுத்திய பிறகு, நெருப்புக்குப் பக்கத்தில் போவதற்குமுன், குறைந்தது 20 முதல் 30 நிமிடம் காத்திருக்கும்படி வழிகாட்டிக் குறிப்புகள் சொல்கின்றன. அந்த நேரத்தில் காற்றோட்டமான இடத்தில் இருப்பதும் போட்டிருக்கும் துணியை உதறுவதும் உதவும்.

"சரி, அப்போ அரை மணி நேரம் நிறுத்திடலாம்" என்று தோன்றும். அதுவும் சரியில்லை. நீண்டநாள் ஆக்ஸிஜன் சிகிச்சையில் இருப்பவர்கள் பொதுவாக ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எப்போது, எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பது மருத்துவரும் தாதியும் முடிவு செய்ய வேண்டியது. விளக்குக்காக நாமே நிறுத்துவது ஒரு ஆபத்தைத் தவிர்க்க இன்னொன்றை இழுத்துக்கொள்வது.

அப்போது வழி? ஆக்ஸிஜன் தாத்தா இருக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும். விளக்கு அங்கே இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நகர வேண்டியது விளக்குதான்.

எவ்வளவு தூரம்?

திறந்த நெருப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி 3 மீட்டர். நாம் பார்த்த அறையின் அகலமே 3 மீட்டர்தான். ஆக, ஒரே அறையில் விளக்கும் ஆக்ஸிஜனும் என்பது நடைமுறையில் சாத்தியமில்லை.

அந்த 3 மீட்டரை எங்கிருந்து அளப்பது? மெஷினிலிருந்து மட்டும் அளந்தால் போதாது. டியூப் பல மீட்டர் நீளம் இருக்கும். மெஷின் படுக்கையறையில் இருக்கும், தாத்தா டியூபோடு வரவேற்பறை சோஃபாவில் உட்கார்ந்திருப்பார். ஆபத்தான இடமும் அவரோடு சோஃபாவுக்கு வந்துவிட்டது. மெஷினையும் டியூபையும் அளக்க வேண்டும். முக்கியமாகத் தாத்தாவிடமிருந்து அளக்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால், நாம் நெருப்பு என்றே நினைக்காத பல விஷயங்கள் கண்ணில் படும். பிறந்தநாள் கேக் மேல் மெழுகுவத்தி: "ஊதுங்க தாத்தா!" என்று சொன்னதும், மூக்கில் டியூபோடு அவர் நெருப்புக்கு மேல் குனிகிறார். ஆக்ஸிஜன் எடுப்பது பாட்டியாக இருந்தால், டியூபோடு எரிவாயு அடுப்புமுன் நின்று தாளிக்கிறார். கடுகு வெடிக்கும்போது டியூப் அடுப்புப் பக்கம் தொங்குகிறது. சாம்பிராணித் தட்டு, கற்பூரம், கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி எல்லாமே கணக்கில் வரும். ஊதுபத்தியில் தீ தெரியாது, கனல் மட்டும்தான் இருக்கும். பள்ளிச் சோதனையில் இருந்ததும் கனல் மட்டும்தான்.

முடி உலர்த்தும் கருவி, மின்சவரக் கருவி போன்றவற்றின் மோட்டாரில் சின்னச் சின்னப் பொறிகள் வரலாம். டியூப் மூக்கில் இருக்கும்போது அவற்றை முகத்தருகே கொண்டுபோக வேண்டாம். தனிநபர் நடமாட்டச் சாதனங்களின் பேட்டரியை அந்த அறையில் சார்ஜ் போடாதீர்கள்.

சிகரெட் மட்டும் ஏன் தனிக் கவலை?

மேலே சொன்ன எல்லாவற்றிலும் நெருப்பு கொஞ்சமாவது தள்ளி இருக்கிறது. சிகரெட்டில் நெருப்பு இருப்பது மூக்குக்குச் சில சென்டிமீட்டர் கீழே. ஆக்ஸிஜன் வழிவதும் அதே இடத்தில்தான்.

அமெரிக்காவின் மேய்ன், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்‌ஷியர், ஓக்லஹோமா ஆகிய 4 மாநிலங்களில் 2000 முதல் 2007 வரை நடந்த தீச்சம்பவங்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு நிலையம் ஆராய்ந்தது. நீண்டநாள் ஆக்ஸிஜன் சிகிச்சையின்போது புகைபிடித்ததோடு தொடர்புடைய தீயில் 38 பேர் இறந்திருந்தனர்.

மின்சிகரெட் பாதுகாப்பான மாற்று அல்ல. அதன் உள்ளே சூடேறும் கம்பியும் பேட்டரியும் இருக்கின்றன. சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்பது தனி விஷயம்.

நுரையீரல் நோயோடு வீடு திரும்பும் பலர் பல ஆண்டுகள் புகைபிடித்தவர்கள். உடனே விட்டுவிடுவது எல்லாருக்கும் முடிவதில்லை. வீட்டில் எல்லாரும் திட்டினால், தாத்தா கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிடிப்பார். அவசரத்தில் டியூபைக் கழற்றாமலே பற்றவைப்பார், அல்லது கழற்றிய அடுத்த நிமிடமே பற்றவைப்பார். சின்ன இடம், மூடிய கதவு, யாருக்கும் தெரியாது. ஒளித்துப் பிடிப்பது மிகவும் மோசமான நிலைமை. படுக்கை விரிப்பில் சின்னக் கருகல் ஓட்டை, மீசையில் பொசுங்கிய நுனி, டியூபில் பழுப்புத் தடம் ஆகியவற்றைக் கண்டால் தாதியிடம் சொல்லிவிடுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. புகைப்பதை விட மருந்து உண்டு, ஆலோசனை உண்டு. தேவைப்பட்டால் சிகிச்சையையே வேறு விதமாகத் திட்டமிட முடியும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தால்தான் முடியும்.

எண்ணெயும் களிம்பும்

ஏர்கான் அறையில் மூக்கும் உதடும் வறண்டுபோகும். உடனே கை போவது பெட்ரோலியம் ஜெல்லி பக்கம், அல்லது தேங்காய் எண்ணெய் பக்கம். ஆக்ஸிஜன் வழியும் இடத்தில் இவை எரிபொருளாகிவிடும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பு எது என்று மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். எண்ணெய்க் களிம்பு தினமும் தடவும் பழக்கம் இருந்தால், அது தலையணை உறையிலும் சட்டையிலும் ஊறியிருக்கும். சலவை செய்தாலும் முழுதாகப் போகாமல் இருக்கலாம்.

சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வால்வை 'சடக்'கென்று திறந்தால், அதிக அழுத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் குறுகலான இடத்துக்குள் பாய்ந்து அங்கிருக்கும் வாயுவை அழுத்தும். அழுத்தப்படும் வாயு சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவது மாதிரி, ஆனால் அதைவிடப் பல மடங்கு. அங்கே ஒரு துளி எண்ணெய் இருந்தால், வெளியிலிருந்து எந்த நெருப்பும் இல்லாமலே பற்றிக்கொள்ளலாம். அதனால்தான் வால்வு இறுக்கமாக இருக்கிறதே என்று எண்ணெய் போடக்கூடாது, கையில் களிம்போடு தொடக்கூடாது, மெதுவாகத்தான் திறக்க வேண்டும். கசிகிறதா என்று பார்க்க ஒருபோதும் நெருப்பைக் காட்டாதீர்கள். வால்வை மூடியும் அழுத்தமானியின் முள் இறங்கிக்கொண்டே போனாலோ, 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டாலோ, சன்னலைத் திறந்துவிட்டு நிறுவனத்தை அழையுங்கள்.

தீப்பிடித்துவிட்டால்?

நமக்குப் பழக்கமான யோசனை, தீயின்மேல் கனத்த துணியைப் போட்டு மூடுவது. காற்று போகாது, தீ அணைந்துவிடும். ஆனால் இங்கே துணிக்கு அடியிலேயே டியூப் வழியாக ஆக்ஸிஜன் வந்துகொண்டிருக்கிறது. மூடினாலும் தீக்குத் தேவையானது கிடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் முதல் வேலை ஆக்ஸிஜனை நிறுத்துவது.

முகத்தில் டியூப் எரிந்தால் உடனே இழுத்து எறிய வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும், அல்லது சிலிண்டர் வால்வை மூட வேண்டும். கான்சன்ட்ரேட்டரில் இது ஒரு வசதி: மின்சாரம் போனால் அது நின்றுவிடும். சிலிண்டர் அப்படியில்லை. நாம் மூடும்வரை வந்துகொண்டே இருக்கும், தீயில் சூடானால் உள்ளே அழுத்தமும் ஏறும். அதை எடுத்து வெளியே போடலாம் என்று தீயைத் தாண்டிப் போகாதீர்கள். எல்லாரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழையுங்கள். "வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறது, இந்த அறையில்" என்று முதலிலேயே சொல்லுங்கள். தீயணைப்பாளர்கள் எப்படி உள்ளே போவது என்பதை அந்த ஒரு வாக்கியம் மாற்றும்.

தீ அணைந்த பிறகு தாத்தா, "ஒண்ணுமில்லப்பா, மீசைதான் கொஞ்சம் பொசுங்கிடுச்சு" என்று சொல்லலாம். மூக்கருகே தீக்காயம் பட்டால், உள்ளே மூச்சுக்குழாயும் சூட்டில் வீங்கத் தொடங்கியிருக்கலாம். அது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். ஏற்கனவே மூச்சுக்குச் சிரமப்படுபவருக்கு அது உயிருக்கே ஆபத்து. காயம் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை

நம் கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். பேத்தி என்ன சொல்லலாம்?

"மெஷின நிறுத்த வேணாம் பாட்டி. சாமி படத்த ஹால்ல, அந்தக் கோடி சுவர்ல மாட்டிடலாம். விளக்க அங்கயே ஏத்துங்க."

ஹாலில் விளக்கு எரியும்போது தாத்தா அறையில் இருக்கிறார். கதவு திறந்திருக்கிறது, கட்டிலிலிருந்தே விளக்கைப் பார்த்துக் கும்பிடலாம். இடைவெளி 3 மீட்டருக்கு மேல். பூசை முடிந்து விளக்கை மலையேற்றிய பிறகுதான் அவர் ஹாலுக்கு வருகிறார். அவர் ஹாலில் உட்கார வேண்டிய நாளில், சாமிக்கு முன்னால் எல்இடி விளக்கு. கழிவறைக்குப் போகும்போது மெஷினை நிறுத்திவிட்டு, டியூபைக் கட்டிலில் போடாமல் பக்கத்திலிருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டும் என்று ஒரு சின்ன ஏற்பாடு. மறந்துவிடாமல் இருக்க, மெஷின் மேல் பேத்தி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய தாள்: 'எழுந்தால் நிறுத்து.'

தீப்பெட்டி இப்போது ஹால் அலமாரியில். தாத்தாவின் அறையில் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.